பாட்டிலைக் கொடுத்தது நான்தான்

என் மகன் பிறந்த வாரத்திலிருந்தே பால் குடித்தபடிதான் தூங்குவான். அதைக் கெட்ட பழக்கம் என்று நானே முடிவு கட்டினேன். அவசரமாக நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் சர்க்கரை போட்ட பால் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தேன். அத்தை வேண்டாம் என்றார். தடுப்பூசி போடும் நர்ஸம்மாவும் வேண்டாம் என்றார். இரண்டு பேர் பேச்சையும் நான் கேட்கவில்லை.

வீடு அரக்கோணத்தில். கணவருக்கு எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் ஷிஃப்ட் வேலை. எனக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலை. விடிவதற்குள் கம்பெனி வண்டி வந்து நிற்கும். அப்போது நடைமுறையில் இருந்த, 2017இல் திருத்திய சட்டப்படி பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கால் வீங்கிவிட்டதால் நான் முன்கூட்டியே விடுப்பில் போனேன். அதனால் பிள்ளைக்கு ஐந்து மாதம் நடக்கும்போதே வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. சொல்லட்டும். கைக்குழந்தையை இருட்டோடு தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போய் வருவதைச் சட்டம் எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

"மார்ல போட்டே தூங்க வெச்சா உன்ன விடவே மாட்டான். இப்பவே பழக்கத்த மாத்து" என்று உடன் வேலை பார்ப்பவள் ஒருத்தி சொன்னாள். வேலைக்குத் திரும்பும் பயத்தில் இருந்த எனக்கு அது வேதவாக்காகிவிட்டது.

பால் குடிக்கும்போது குழந்தைக்குத் தூக்கம் வருவது பழக்கத்தால் மட்டும் வருவதல்ல என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சப்பிக் குடிக்கும்போது குழந்தையின் உடம்பில் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. வயிறு நிறைந்த உணர்வையும் கண் சொக்குவதையும் அது கொண்டுவருகிறது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில், பகல் பாலில் அநேகமாக இல்லாத மெலடோனினும் இருக்கிறது. தூக்கத்துக்கு உதவும் ஹார்மோன் அது. குழந்தை தூங்குவதற்கென்றே உடம்பு செய்துவைத்த ஏற்பாட்டைத்தான் நான் கெட்ட பழக்கம் என்றேன்.

உடன் வேலை பார்ப்பவள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. கைக்குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய மணிக்கொரு தரம் மேலோட்டமாகும். அப்போது சில குழந்தைகள் லேசாக விழித்து, தூங்கப் போன நேரத்தில் இருந்ததையே தேடும். மார்பில் தூங்கியவன் மார்பைத் தேடுவான். ஆனால் அது யாருக்குச் சிரமம் என்பதுதான் கேள்வி. எடை ஒழுங்காக ஏறி, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போய், தாயும் பாயில் பக்கத்தில் படுத்தபடி பால் கொடுத்து மறுபடி தூங்கிவிடுகிறாள் என்றால் அங்கே திருத்த எதுவும் இல்லை. பிறந்த சில வாரங்களுக்குள் வயிறு நிறையாமலே மார்பில் தூங்கிப்போய், எடையும் ஏறாமல், சிறுநீரும் குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது பால் போதுகிறதா என்பதை.

எனக்கு அப்படி எந்தச் சிரமமும் இல்லை. வரப்போகும் சிரமத்தை நினைத்துப் பயந்தேன், அவ்வளவுதான்.

அத்தை ஒரு நாள் சொன்னார்: "ஏம்மா, நீ குளிக்கப் போறப்போ நான் தூளியில போட்டு ஆட்டினா தூங்குறானே, நீ பாக்கலயா?" பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தையிடம் தூளி, என்னிடம் பால் என்று அவன் ஆளுக்கொரு வழி வைத்திருந்தான். ஆக நான் பயந்த பிரச்சினை ஏற்கெனவே தீர்ந்திருந்தது. பீய்ச்சி வைத்த பாலை அத்தை சங்கில் புகட்டி, தூளியில் போட்டால் போதும். நர்ஸம்மா சொன்னதும் அதையேதான்.

நான் என்ன செய்தேன்? இரவிலும் மார்பைக் கொடுக்காமல் அழவிட்டேன். அவன் அழுகை தாங்காமல் பசும்பாலில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது ஊரறிந்த விஷயம், எனக்கும் தெரியும். குழந்தைப் பால் பாட்டிலை விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது மட்டும் தெரியாது. இரவில் மார்பு வற்றாமல் சுரப்பதற்குப் பிள்ளை சப்ப வேண்டும். சப்பாததால் பால் குறைந்தது. பால் குறைந்ததால் பாட்டில் கூடியது. பழக்கத்தை மாற்றினேன் என்று நினைத்தேன். பாட்டிலோடு தூங்கும் பழக்கத்தைத்தான் உண்டாக்கியிருந்தேன்.

ஒரு வயது தாண்டியபோது மேல் வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை படிந்தது. பால் கறை என்று துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. சில மாதத்தில் அது பழுப்பாகிப் பல் விளிம்பு உதிர ஆரம்பித்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன். கீழ்ப் பற்கள் நன்றாக இருந்தன. பாட்டில் சப்பும்போது நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்கிறது, மேல் பற்கள்தான் இனிப்புப் பாலில் ஊறுகின்றன. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவதால் அது கழுவப்படுவதும் இல்லை என்று அவர் விளக்கினார். தாய்ப்பாலும் ஒரு வயதுக்கு மேல் இரவெல்லாம் அடிக்கடி குடித்து, பல்லும் துலக்காமல் விட்டால் சொத்தைக்கு இடம் கொடுக்கலாம். அதற்காக நிறுத்த வேண்டாம், பல்லைத் துலக்கினால் போதும் என்றார். ஃப்ளூரைடு பேஸ்ட் அரிசி அளவு.

இப்போது மாற்றக் காரணம் இருந்தது, அதனால் மாற்றினோம். முதலில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்தேன். பிறகு பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் தண்ணீராக்கினேன். வெறும் தண்ணீருக்காக அவன் எழுந்திருப்பது தானாகக் குறைந்தது. இரவுச் சாப்பாடு, டம்ளரில் பால், பல் துலக்குவது, அதன் பின் படுக்கை என்று வரிசையை மாற்றினோம். பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழ வேண்டும் என்பதுதான் அதில் விஷயம். படுக்க வைக்கும் வேலையை, இரவு டியூட்டி இல்லாத வாரங்களில் அவனுடைய அப்பா எடுத்துக்கொண்டார். அவரிடம் அவன் பாட்டில் கேட்கவே இல்லை. ஏற்கெனவே சொன்னேனே, ஆளுக்கொரு வழி. நடுவில் காய்ச்சல் வந்தபோது எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, உடம்பு தேறிய பிறகு தொடர்ந்தோம். காய்ச்சல், தடுப்பூசி, வீடு மாறுவது, தாய் வேலைக்குத் திரும்பும் முதல் நாட்கள் ஆகியவை இந்த மாற்றத்துக்கு ஏற்ற நேரமல்ல. முதல் தடவை நான் ஆரம்பித்ததோ அதில் கடைசியானதை ஒட்டி.

என் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. பால் குடித்தபடிதான் தூங்குகிறாள். நான் வேலைக்குப் போன பிறகு பகலில் பாட்டியின் தூளியில் தூங்குகிறாள். அவளை மாற்றும் யோசனை எனக்கு இல்லை. எனக்கு முடியாமல் போகும் நாளில் மாற்றுவேன்.

கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்பப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இல்லாதபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் இப்போதே ஒரு பகல் தூக்கத்தை ஒப்படைத்துப் பாருங்கள். அவன் தூங்கிவிட்டால், இரவில் நீங்கள் கொடுக்கும் பாலில் கை வைக்காதீர்கள்.