வாக்கியம் கட்டத்துக்குள் வரும்போது

எட்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கையில் கால அட்டவணை வாக்கியங்களாக வந்து சேர்ந்தது. "கணிதம் தினமும் முதல் பீரியட், வியாழன் மட்டும் மூன்றாவது. அறிவியல் செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்றாவது. வெள்ளி கடைசி இரண்டும் விளையாட்டு." படிக்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும்.

அவர் மேலே திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பத்திகளும் இடப்பக்கம் எட்டு பீரியட்களும் போட்டார். மொத்தம் 40 கட்டங்கள். நான்காவதுக்குக் கீழே சாப்பாட்டு இடைவேளைக்கு எண்ணில்லாத தனி வரிசை. அதற்கும் எண் கொடுத்தால் பிற்பகல் முழுக்க ஒரு பீரியட் தள்ளிப்போகும். விளையாட்டு, வெள்ளிப் பத்தியில் ஏழு, எட்டு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது.

'தினமும்' என்ற சொல்லை அப்படியே விடக்கூடாது, ஒவ்வொரு பத்தியிலும் எழுதிப் பார்க்க வேண்டும். அவர் எழுதினார். விதிவிலக்கைக் கவனித்து, வியாழன் கணிதத்தை மூன்றாவதில் போட்டார். அடுத்து அறிவியலை நிரப்பியபோது அதே கட்டத்தில் இரண்டு பாடங்கள் மோதின. வியாழன் முதல் பீரியடோ காலி!

இங்கே தானாக முடிவெடுக்காமல் அட்டவணை எழுதியவரிடம் கேட்டதுதான் சரி. வியாழன் அறிவியல் முதல் பீரியடாம். 'வரை' அதை விழுங்கியிருந்தது.

கடைசியாகப் பாடவாரியாக எண்ணிப் பாருங்கள். கணிதம் ஐந்து, அறிவியல் மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால் 40 வர வேண்டும். அது வராமல் அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள்.