விதானை மாமாவுக்கு வந்த கடிதம்

எங்கள் ஊருக்குத் தபாலில் சொந்தக் கடிதம் வருவது நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. தபால்காரர் கொண்டு வருவதெல்லாம் வங்கியின் அறிவித்தல்கள்தான். 2023 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து இறங்கியபோது, விதானை மாமாவின் பேரன் சைக்கிளோடு நின்றான்.

"மூத்தாப்பாக்குக் காயிதம் ஒண்டு வந்திரிக்கி சேர். உங்களக் கையோட கூட்டிட்டு வரட்டாம்."

யாருடைய கடிதம் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் மூன்று வாரமாகப் பேச்சு நின்றுபோயிருந்தது தெருவுக்கே தெரியும். பொறியியலாளரான பேத்தி, ஓமானுக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று வாயை மூடியவர்தான் கிழவர். அவள் கொழும்பிலிருந்து போன் எடுத்தால், 'நான் தொழுறன் எண்டு சொல்லு' என்று கையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்வாராம்.

இருபத்திரண்டு வருடம் எங்கள் வட்டைக்கு வட்டவிதானையாக இருந்தவர் அவர். சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வருகிற தண்ணீரைக் கிளை வாய்க்காலில் வாங்கி, எந்தக் கண்டத்துக்கு எந்த இரவு என்று பங்கிட்டவர். இப்போது எண்பது கடந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. பேரன் வாசிக்கத் தெரியாதவன் அல்ல. ஆனால் அந்த வீட்டின் கடிதங்களை எழுதுவதும் வாசிப்பதும் என்னுடைய பழைய உத்தியோகம்.

2000ஆம் ஆண்டில் மாமாவின் மகள் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனாள். புருஷன் விட்டுப்போன பிறகு வேறு வழி தெரியாமல், நான்கு வயதுப் பிள்ளையை வாப்பாவிடமும் உம்மாவிடமும் விட்டுவிட்டுப் போனாள். நான் அப்போது ஆசிரியர் கலாசாலை மாணவன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா கூப்பிட்டுவிடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இரண்டு வருட ஒப்பந்தம் ஆறு வருடமாக நீண்டது. கடவுச்சீட்டு அந்த வீட்டு எசமானின் அலுமாரியில் இருந்தது. சவூதியின் தொழிற் சட்டமோ வீட்டுப் பணியாளர்களைத் தன் வரம்புக்குள் எடுக்கவில்லை. லீவில் ஒரு தடவையாவது வந்து போக அவளால் முடியவில்லை. 2006இல் வந்து இறங்கியபோது பிள்ளை அவளைக் கண்டு மூத்தம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்று மாமா சொன்னதை நானும் கேட்டேன். "இந்த ஊட்டுல இனி ஒரு பொம்புளப் புள்ளையும் கடல் தாண்டாது."

அந்தப் பிள்ளைதான் பேராதனையில் படித்துப் பொறியியலாளராகி, இப்போது எழுதியிருந்தது. ஆறாம் வகுப்பில் நான் கணக்குப் படிப்பித்த பிள்ளை. நான்கு தாள்கள், இரு பக்கமும். ஸலாம் சொன்னதற்கு அடுத்த வரி எனக்கு: 'இதைச் சேர்தான் வாசிப்பார் என்று தெரியும். சேர், தயவு செய்து எதையும் விட்டுவிட்டு வாசிக்க வேண்டாம்.'

மாமா சாய்மனைக் கதிரையில் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன்.

'மூத்தாப்பா, இரவுத் தண்ணிக்குப் போகும்போது சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு போவீர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். குறுக்குக்கட்டில் தண்ணி பார்க்க ஒரு தடி வைத்திருந்தீர்கள், அதில் இரண்டு வெட்டு. மேல் வெட்டின் உயரம் கீழ் வெட்டைப் போல் இரண்டு மடங்கு. கட்டுக்கு மேலால் வழியும் தண்ணி கீழ் வெட்டில் நின்றால் நடுக்கண்டத்தோடு சரி என்பீர்கள். மேல் வெட்டுக்கு ஏறினால் தண்ணி ரெண்டு மடங்கில்ல, மூணு மடங்கு மாதிரிப் போகும், கடைக்கண்டமும் நனையும் என்பீர்கள். நான் சிரித்தேன். பேராதனையில் இரண்டாம் வருடத்தில் அதற்கான சமன்பாட்டைப் பலகையில் எழுதினார்கள். உயரம் இரட்டித்தால் பாயும் தண்ணீர் 2.8 மடங்கு. வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் உங்கள் தடியை நினைத்துக்கொண்டிருந்தேன்.'

மாமாவின் தலை கொஞ்சம் திரும்பியது. ஒன்றும் பேசவில்லை.

அடுத்து அவள் தன் வேலையைப் பற்றி எழுதியிருந்தாள். சம்பளம்தான் முதலில் வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் எழுதியது ஒரு மதகைப் பற்றி. அடித்தளத்துக்குக் கொங்கிறீற் போட்டு, சுவர் எழுப்புவதற்கான கம்பிகள் நிமிர்ந்து நிற்கிற நிலையில் அந்த வேலை நின்றிருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திய காலம் அது. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில வாரங்களுக்குள் 360 ஆகியது. ஆயிரம் ரூபாயைச் சுற்றி விற்ற சீமெந்துப் பக்கெட் மூவாயிரத்தைத் தொட்டது. பழைய விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் கையை விரித்தார், கட்டச் சொன்னவர்களிடமும் காசில்லை.

'பதினாறு மாதமாக அந்தக் கம்பிகள் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. மேலால் படிந்த துரு என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். செதில் செதிலாகக் கழன்றால் கம்பி மெலிந்துவிட்டது என்று பொருள். அப்போது தடிப்பை அளந்து பார்க்க வேண்டும். மெலிவு கூடிவிட்டால் வெட்டியெறிந்து, அடித்தளத்தில் துளைபோட்டுப் புதுக் கம்பி நட வேண்டும். மாதம் ஒருமுறை போய் அந்தத் துருவை அளந்து எழுதிவிட்டு வருவதுதான் என்னுடைய வேலை. பட்டயப் பொறியியலாளராவதற்குப் பட்டம் மட்டும் போதாது, மூத்தாப்பா. வரைந்தோம், கட்டினோம் என்று சில வருட வேலையைக் காட்டி மூத்த பொறியியலாளர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் காட்டுவதற்குத் துரு மட்டும்தான் இருக்கிறது.'

"வெதச்சிட்டு மூணாந் தண்ணி குடுக்காத வயல்" என்றார் மாமா, சுவரைப் பார்த்தபடியே. மூன்று வாரத்தில் அந்த விடயம் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதானென்று பேரன் பின்னர் சொன்னான்.

காசுக் கணக்கு மூன்றாம் தாளில் வந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தபோது அடுத்த பெரும்போகத்தில் எங்கள் வட்டையில் விளைச்சல் பாதியாகிப்போனது. அந்தக் கடனில்தான் மாமா இரண்டு ஏக்கரை ஆறு இலட்சத்துக்கு ஈடு வைத்தார். காசைத் திருப்பும் வரை ஈடு பிடித்தவர் வயலைச் செய்வார். கொழும்பில் பேத்திக்குச் சம்பளம் 85,000 ரூபாய். தங்குமிடமும் சாப்பாடும் பஸ்ஸும் போக, மாதம் இருபதாயிரம் மிஞ்சுவதே பெரிய காரியம். ஓமானில் சம்பளம் 500 ரியால், அதில் 150 ரியாலை அனுப்பலாம். அப்போதைய மாற்றுக்கு ஒரு ரியால் சுமார் 830 ரூபாய். 'இங்கிருந்தால் முப்பது மாதம், அங்கே போனால் ஐந்து மாதம். முப்பது மாதம் என்றால் ஐந்து போகம், மூத்தாப்பா. ஐந்து போக நெல்லும் அடுத்தவருக்கு.'

என் பழைய மாணவியின் கணக்கில் பிழையில்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கிற என் சம்பளத்தை அந்த ரியாலோடு ஒப்பிட்டுப் பார்த்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓமானில் என்ன வேலை என்பதையும் விளக்கியிருந்தாள். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு என்று அங்கே பெரிதாக இல்லை. மழை பெய்தால் மட்டும் பாய்கிற வாதிகள்தான். 2021 ஒக்டோபரில் ஷாஹீன் புயல் வந்தபோது, வருடத்துக்கு 100 மில்லிமீற்றர் அளவில் பெய்கிற கரையோரத்தில் 300 மில்லிமீற்றருக்கும் மேல் ஒரேயடியாகக் கொட்டியது. காய்ந்து கிடந்த வாதிகள் வீதிகளை அறுத்துக்கொண்டு போயின. அப்படிப்பட்ட இடங்களில் மதகு எத்தனை, வாய் எவ்வளவு அகலம் என்று கணிப்பது அவளுடைய பகுதி.

இந்த இடத்தைக் கதை போல வாசித்துவிட்டுப் போனேன். அடுத்த வருடம், 2024 நவம்பர் 26இல், காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளம் மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தைப் புரட்டிப்போட்டது. அன்றிரவு அவள் மஸ்கற்றிலிருந்து போன் எடுத்து, ரோட்டுக்கு மேல் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அழுகைதான் வந்தது.

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. மலையடியில் ஊறும் நீரை நிலத்துக்கடி வாய்க்காலால் ஊருக்குக் கொண்டுவருகிற பழைய முறை அங்கே இன்னும் இருக்கிறது. ஃபலஜ் என்பார்கள். 2006இல் யுனெஸ்கோ அவற்றில் ஐந்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதில் தண்ணீரை நேரத்தால் பங்கிடுகிறார்கள். ஒரு பங்குக்கு அதர் என்று பெயர், ஏறக்குறைய அரை மணித்தியாலம். பகலில் நட்ட கம்பின் நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து நேரம் சொல்வது வழக்கமாம். 'அப்படி நேரம் பார்த்துத் தண்ணீரைப் பங்கிடுகிறவருக்கு அரீஃப் என்று பெயர். அந்த ஊரின் வட்டவிதானை.'

கடைசித் தாளில் என் குரல் இறங்கியது.

'நீங்கள் பயப்படுவது ஓமானுக்காக இல்லை, உம்மாவுக்காக. என் ஒப்பந்தம் என் கையில் இருக்கிறது, அதில் வேலையும் சம்பளமும் எழுதியிருக்கிறது. கடவுச்சீட்டு என்னிடம்தான் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் பழைய இடத்தின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேறு இடத்துக்கு மாறலாம் என்று 2021இல் அங்கே விதியை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பயமே இல்லை என்று எழுத மாட்டேன். விசா வேலை தருகிறவரோடு கட்டுண்டதுதான். வேலை போனால் நாடு திரும்ப வேண்டும்.

'உம்மாவின் பெட்டியில் நீங்கள் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பிள்ளை சுகம், விளையாடுகிறாள், அழுவதில்லை என்றுதான் இருக்கிறது. நான் ஒவ்வொரு இரவும் அழுதேன். அதை நம்பித்தான் உம்மா மூன்றாவது ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினாள். சேரின் எழுத்து நல்ல வடிவான எழுத்து.'

அதற்கு மேல் வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த வரிகளை எழுதும்போது மாமாவின் மடியில் பிள்ளை விசும்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 'அவள் அங்க கெடந்து தவிப்பாள் தம்பி, சுகமெண்டு எழுது' என்று அவர் சொன்னார். எனக்கும் அப்போது அதுவே சரியாகப் பட்டது.

'எனக்கு அப்படி எழுத வேண்டாம். கண் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். நீங்கள் போகாதே என்றால் நான் போகாமல் இருப்பேன் என்று சொல்லவில்லை. உங்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகவேண்டும்.'

மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுது முடிந்ததும் மாமா என்னைப் போகவிடவில்லை. பேரனின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் 'இங்கு நாங்கள் யாவரும் சுகம்' என்று எழுதி, அதைச் சத்தமாகவும் சொல்லிவிட்டேன்.

"அத வெட்டு மாஸ்டர்."

வெட்டினேன்.

"வலக் கண் முழுசாத் தெரியல்ல. எடக் கண்ணுல நெழல் மாதிரி. ஆஸ்பத்திரியில ரெண்டு தரம் திகதி போட்டு மாத்திட்டானுகள். போன வெள்ளிக்கிழம வரம்புல வழுக்கி விழுந்தன், அத அவளுக்கு ஒருத்தரும் சொல்லல்ல. எழுது." எழுதினேன். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பேத்திக்கு வேறென்ன எழுதவேண்டும் என்று கேட்டேன்.

"அந்த அரீபு, நேரம் பாத்துத்தானே தண்ணி குடுக்கான். வாய்க்கால் நீளமெண்டா தண்ணி போய்ச் சேரவே அர மணித்தியாலம் போயிரும். அப்ப கடைசி வயல்காரன்ட நேரம் எங்கிருந்து தொடங்குது, மடையத் தொறக்கக்குள்ளயா, தண்ணி அவன்ட வரம்புக்கு வரக்குள்ளயா? போய்ப் பாத்து எழுதச் சொல்லு."