கண் சிமிட்டலுக்கு எத்தனை டிக்கெட்?

பிப்ரவரி 9, 2018. இயக்குநர் ஒமர் லுலுவின் 'ஒரு அடார் லவ்' படத்திலிருந்து ஒரு பாடல் யூட்யூபில் வெளியானது. புதுமுகம் பிரியா பிரகாஷ் வாரியர் புருவத்தை உயர்த்திக் கண் சிமிட்டுவது அதில் சில விநாடிகள்தான். ஓரிரு நாட்களில் இடக்கொச்சி முதல் டெல்லி வரை கைபேசிகளில் அதே காட்சி. அடுத்து வந்த டீசருக்கும் அதே வரவேற்பு. மலையாளம் தெரியாதவர்களும் பார்த்தார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

அந்த எண்ணிக்கை படத்தையே மாற்றியது. சிறிய வேடத்தில் இருந்த பிரியாவின் பாத்திரம் வளர்ந்தது. நாயகியாகத் தேர்வான நூரின் ஷெரீப்புக்கு இடம் சுருங்கியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று பல மொழிகளுக்கும் படம் தயாரானது.

எண்கள் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் கேட்ட கேள்விதான் தவறு. ஒரு டீசரை முதல் நாளில் 10 லட்சம் தடவை பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இதில் 4 லட்சம், காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்தால் வந்தவை என்றால் அவற்றை முதலில் கழிக்க வேண்டும். மிச்சம் 6 லட்சம். படம் ஓடப்போவது கேரளத்தில்; அங்கிருந்து பார்த்தது ஒன்றரை லட்சம்தான் என்றால், விநியோகஸ்தர் பேசவேண்டியது அந்த எண்ணை வைத்துத்தான். அதுவும் தனியாக நின்றால் பயனில்லை. அதே நிறுவனத்தின் முந்தைய படத்துக்கு முதல் 24 மணி நேரத்தில் கேரளத்தில் எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கூடியதா குறைந்ததா என்று தெரியும்.

பார்த்தவர்கள் எந்த விநாடியில் விலகினார்கள் என்பதை யூட்யூப் ஒரு கோடாக வரைந்து காட்டுகிறது; அந்தச் சேனலை நடத்துபவர்களுக்கு மட்டும். கோடு ஓரிடத்தில் மட்டும் திடீரென்று எகிறினால், அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் துண்டு இலவசமாகக் கிடைக்கும்போது தியேட்டருக்கு வரவேண்டிய அவசியம் என்ன? தேடுபவர்கள் படத்தின் பெயரைத் தட்டுகிறார்களா, 'கண் சிமிட்டும் பெண்' என்று தட்டுகிறார்களா என்பதும் அதே கதையைச் சொல்லும்.

பகை கூட எண்ணிக்கையைக் கூட்டும் என்பது இன்னொரு வேடிக்கை. 2018 செப்டம்பரில் வந்த 'ஃப்ரீக் பெண்ணே' பாடலுக்கு விருப்பங்களைவிட வெறுப்புகளே அதிகம் குவிந்தன. திட்டுவதற்காகப் பார்த்தவரும் கணக்கில் ஒருவர்தான். அன்று வெறுப்புகளின் எண்ணிக்கை எல்லோர் கண்ணிலும் பட்டது. 2021 நவம்பரில் யூட்யூப் அதை மறைத்துவிட்டதால், இன்று வெளியே இருந்து பார்ப்பவர் பின்னூட்டங்களைப் படித்துத்தான் கோபத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். படம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது அலுப்பான வேலை. ஆனால் லட்சங்களைவிட அந்தச் சில நூறு பேர்தான் டிக்கெட்டுக்கு அருகில் இருப்பவர்கள்.

பிப்ரவரி 14, 2019இல், பாடல் வந்து ஒரு வருடம் கழித்து, படம் வெளியானது. விமர்சனங்கள் கடுமையாக இருந்தன. ஒரே வாரத்துக்குள் கிளைமாக்ஸை மாற்றி மறுபடி திரையிட்டார்கள்.