பத்து மில்லி செகண்டில் குழிந்த காயில்

கோவைக்கு வெளியே இருக்கிற அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததும் எண்ணெய் வாடைதான் முதலில் வந்தது. நடுவில் கிரேனுக்குக் கீழே, டேங்கைக் கழற்றிய நிலையில் எங்கள் 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் நின்றது. 110 கே.வி.யை 11 கே.வி. ஆக்குவது. இருபது வருடத்துக்கு மேல் ஓடியது.

நான் ரிலே டெஸ்டிங் பார்க்கிறவன். இந்த டிரான்ஸ்பார்மரைக் காக்கிற ரிலேக்களுக்கு செட்டிங் போட்டதும் நான்தான். அதனாலேயே மனசுக்குள் ஒரு வீம்பு இருந்தது. ஃபால்ட் டிரான்ஸ்பார்மருக்குள் வரவில்லை. சப்ஸ்டேஷன் வாசலிலேயே, 11 கே.வி. ஃபீடரின் முதல் கம்பத்தில், மூன்று கம்பிகளும் ஒட்டிக்கொண்டன. ஃபீடர் ரிலே உடனே பார்த்தது, பிரேக்கர் திறந்தது, எல்லாம் 85 மில்லி செகண்டில் முடிந்தது. கண் இமைக்கவே அதைவிட நேரமாகும். பிறகு டிரான்ஸ்பார்மருக்கு என்ன கேடு?

கேடு இருந்தது. சில நாளில் புக்கோல்ஸ் அலாரம் வந்தது. மெக்கர் நன்றாக இருந்தது, ரேஷியோவும் சரியாக இருந்தது. ஒரு பக்கத்தை ஷார்ட் செய்து, மறுபக்கம் குறைந்த வோல்டேஜ் கொடுத்து இம்பீடன்ஸ் அளந்தபோதுதான் பிடிபட்டது. தொழிற்சாலை அறிக்கையில் மூன்று ஃபேஸிலும் 10.2 சதவீதம். இப்போது ஆர், பி இரண்டிலும் அதே எண், ஒய் ஃபேஸில் மட்டும் 10.7. சின்ன வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் இந்த அளவு டிரான்ஸ்பார்மருக்கு ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் வைத்தால், முன்னும் பின்னும் அளந்த ரியாக்டன்ஸ் 2 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்கிறது ஐ.இ.சி. 60076-5. இங்கே மாறியிருப்பது கிட்டத்தட்ட 5 சதவீதம். உள்ளே செம்பு இடம் மாறாமல் இந்த எண் மாறாது.

“வாங்க சார், உங்களுக்காகத்தான் பிரிச்சு வெச்சிருக்கறேனுங்க” என்றார் ஃபோர்மேன். நடு லிம்பில் வெளிக் காயிலான எச்.வி.யை உருவி ஓரமாக வைத்திருந்தார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே, கோரை ஒட்டி நிற்கிற எல்.வி. காயிலில் டார்ச் அடித்தார். மேலிருந்து கீழ்வரை ஓர் ஓரம் உள்ளே குழிந்திருந்தது. குழிக்குப் பக்கத்தில் அதே காயில் வெளியே புடைத்திருந்தது. நாலு விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். பேப்பர் இன்சுலேஷன் பெரும்பாலும் கிழியாமலே இருந்தது. மெக்கர் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை.

“வெளிக் காயில் பெருசு, அதுக்கு ஒண்ணும் ஆகலை. உள்ள இருக்கறது மட்டும் ஏன் அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் குடித்து முடித்த தண்ணி பாட்டிலை எடுத்தார். வாயில் வைத்து ஊதினார், பாட்டில் அசையவில்லை. உறிஞ்சினார், சட்டென்று ஒரு பக்கம் குழிந்தது. “அவ்வளவுதானுங்க.”

இரண்டு காயிலிலும் கரண்ட் எதிரெதிர்த் திசையில் சுற்றுகிறது. நடுவே இருக்கிற இடைவெளியில் காந்தப்புலம் அடைபட்டு, இரண்டையும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளுகிறது. வெளிக் காயில் வெளியே இழுபடுகிறது. செம்பு இழுவிசையை நன்றாகவே தாங்கும். உள்காயில் கோரை நோக்கி நசுங்குகிறது. நசுக்கும்போது செம்பின் பலம் முழுக்கப் பயன்படுவதற்கு முன்பே வடிவம் நழுவிவிடும், பாட்டில் மாதிரி. குழி விழுந்ததும் இடைவெளி அகலமாகிறது. இம்பீடன்ஸ் ஏறியது அதனால்தான்.

எவ்வளவு விசை என்று அங்கேயே ஒரு அட்டையில் கணக்குப் போட்டோம். எல்.வி.யின் முழு லோடு கரண்ட் 840 ஆம்பியர். ஃபால்ட்டில் பதிவானது 7,500. ஆனால் முதல் அரைச் சுற்றில் கரண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். ஒய் ஃபேஸில் அந்த முதல் உச்சி 18,000 ஆம்பியர். லோடு கரண்டின் உச்சியைவிட 15 மடங்கு. விசை கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 200 மடங்கைத் தாண்டிவிடுகிறது. எல்.வி.யில் ஃபேஸுக்கு ஏறக்குறைய 100 சுற்று, காயில் உயரம் 1.2 மீட்டர். தினசரி ஓட்டத்தில் உச்சியின்போது சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 60 கிராம் அளவுக்குத்தான் காயிலை அழுத்தும். அன்றைக்கு அழுத்தியது 14 கிலோ. லாரி டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப்போல இரண்டு பங்கு. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தக் காயிலைச் சுற்றிக் கூட்டினால் 300 டன்னுக்கு மேல்.

அந்த உச்சி எப்போது வந்தது? ரிலே பதிவை மொபைலில் காட்டினேன். ஃபால்ட் தொடங்கிப் பத்து மில்லி செகண்டுக்குள். பிரேக்கர் திறந்ததோ 85-ல்.

“உங்க ரிலே வர்றதுக்குள்ள இங்க கல்யாணமே முடிஞ்சு போச்சுங்க சார்” என்றார். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. ரிலே காப்பது சூட்டிலிருந்து. முதல் உதையிலிருந்து எந்த ரிலேயாலும் காக்க முடியாது, அதைத் தாங்குகிற பலம் காயிலைச் சுற்றும்போதே வந்திருக்க வேண்டும். மூன்று ஃபேஸில் ஒய் மட்டும் குழிந்ததற்கும் பதிவே காரணம் சொன்னது. ஃபால்ட் விழுந்த கணத்தில் அந்த ஃபேஸின் வோல்டேஜ் சுழிக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போதுதான் கரண்ட் அதிகமாகச் சாயும்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். 10.2 சதவீத இம்பீடன்ஸ் உள்ள டிரான்ஸ்பார்மர் இதைவிடப் பெரிய உச்சியைத் தாங்கும்படிதான் டிசைன் ஆகியிருக்கும். ஃபோர்மேன் பதில் சொல்லாமல், கோருக்கும் எல்.வி. சிலிண்டருக்கும் நடுவே செருகியிருந்த மரக் குச்சி ஒன்றை இரண்டு விரலால் உருவினார். வந்துவிட்டது. சுத்தியலால் அடித்து இறக்க வேண்டிய குச்சி அது. காயில் உள்ளே சாயும்போது கோர்மீது முட்டுக் கொடுப்பதே அதன் வேலை. வருடக்கணக்கில் மரமும் பிரஸ்போர்டும் சுருங்கி, ஒவ்வொரு ஃபீடர் ஃபால்ட்டும் அசைத்து அசைத்து, முட்டு தளர்ந்துவிட்டது. முட்டு இறுக்கமாக இருந்தால், காயில் வளைவதானாலும் குச்சிக்குக் குச்சி சின்னச் சின்னப் பள்ளமாகத்தான் வளையும். இங்கே ஒரே பெரிய குழி. முட்டு இல்லாத காயிலின் அடையாளம் அது.

பக்கத்து லிம்பில் மேல் பிளாக்குகளைத் தட்டிக் காட்டினார். அவையும் லொடலொடவென்றன. மேலும் கீழும் தள்ளுகிற விசை வேறு இருக்கிறது. உள்காயிலும் வெளிக்காயிலும் உயரத்தில் சில மில்லிமீட்டர் விலகினால்கூட ஃபால்ட் கரண்ட் அந்த விலகலை இன்னும் பெரிதாக்கப் பார்க்கும். இங்கே அது நடக்கவில்லை, நடக்கக் காத்திருந்தது.

புது எல்.வி.க்கு எபாக்ஸி பூசிய பின்னல் கண்டக்டர் போடப்போகிறார்கள். காயிலை அடுப்பில் காயவைக்கும்போது எபாக்ஸி உருகி இறுகி, மெல்லிய கம்பிகள் எல்லாம் ஒரே கட்டையாகிவிடும். விலை கூடுதல். இம்பீடன்ஸையே உயர்த்திக் கரண்டைக் குறைக்கலாமே என்றால், லோடு ஏறும்போது வோல்டேஜ் விழும். நெதர்லாந்தின் கேமா டெஸ்ட் கூடத்தில் முதல் முறை ஷார்ட் சர்க்யூட் டெஸ்டுக்கு வைக்கிற பெரிய டிரான்ஸ்பார்மர்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று தேறுவதில்லை. எனவே காகிதக் கணக்கை மட்டும் நம்பி வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

கிளம்பும்போது பதிவை மறுபடி திறந்தேன். அன்று காலையில் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. ஒரு ஃபைல் அல்ல, இரண்டு. மூன்று நிமிடம் கழித்து ஷிஃப்டில் இருந்தவர் ஃபீடரை டெஸ்ட் சார்ஜ் செய்திருக்கிறார். கம்பிகள் ஒட்டியபடியேதான் இருந்தன. ஏற்கெனவே குழிந்த காயிலுக்கு இரண்டாவது உதை.

ஃபோர்மேனிடம் காட்டவில்லை. வண்டியில் ஏறியதும் சப்ஸ்டேஷனுக்கு போன் போட்டு, ஹைசெட்டில் டிரிப் ஆன ஃபீடரை லைன் நடந்து பார்க்காமல் சார்ஜ் செய்யக் கூடாது என்று லாக் புக்கில் எழுதச் சொன்னேன். “இத்தனை வருஷமா அப்படித்தான் சார் பண்றோம்” என்றது மறுமுனை.