மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு கம்பனியின் வருஷம்

ஆண்டு விழா வீடியோ எண்டதும் மனசுல வாறது ஒரே படம்தான். ட்ரோன்ல இருந்து மண்டபம், கிராஅத், பொன்னாடை, பெரியவரின் நீண்ட பேச்சு, கைதட்டல், முடிவுல பிரியாணி சஹன். பின்னால ஒரு சினிமாப் பாட்டு. பார்க்கிறவங்க தங்கட முகம் வாற இடத்த மட்டும் தேடிப் பார்த்துட்டு மூடிருவாங்க.

கல்முனைப் பக்கம் நெசவுத் துணி விக்கிற ஒரு கம்பனி எங்களுக்கிட்ட இந்த வேலையத் தந்தப்போ ரெண்டு நிபந்தனை வெச்சாங்க. மூணு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. இசைக்கருவிப் பாட்டு வேணாம். ரெண்டாவது நிபந்தனை எங்களுக்கு நல்லதுதான். சினிமாப் பாட்டப் போட்டா உரிமைப் பிரச்சினையில பேஸ்புக் சத்தத்த வெட்டிருது.

கமராவத் தூக்க முந்தி, 180 செக்கனையும் ஒரு தாள்ல பிரிச்சோம்:

- தொடக்கம், தறிச் சத்தத்தோட: 15
- தொழிலாளர் பேட்டி: 40
- விருதுகள்: 35
- முகாமையாளர் பேச்சு: 20
- பொல்லடி, விளையாட்டுத் தொகுப்பு: 40
- முடிவு: 30

இருவது செக்கனுக்கு ரெண்டு, மூணு வசனம்தான் கொள்ளும். பேச்சு எவ்வளவு நீண்டாலும் இவ்வளவுதான் எண்டு முன்கூட்டியே தாளக் காட்டிட்டா, பிறகு சண்டை வராது.

வீடியோவின் முதுகெலும்பு பேட்டிதான். "இங்க வேலை செய்யிறது சந்தோஷமா?" எண்டு கேட்டா "ஓம், சந்தோஷம்" எண்டுதான் வரும். கேள்வி வெட்டப்பட்ட பிறகு அந்தப் பதிலுக்குப் பெறுமதி இல்ல. அதனால "நீங்க இங்க வந்த மொத நாளச் சொல்லுங்க, கேள்வியையும் சேர்த்தே சொல்லுங்க" எண்டு கேட்டோம். ஒரு முதியவர் சொன்னார், "மொத நாள் வந்தப்போ எனக்கு நூல் முடிச்சுப் போடவே வராது மகன். இப்ப கண்ணு தெரியாட்டியும் கை போடும்." அந்த ரெண்டு வசனத்துக்கு மேல நூல் முடியிற அவரின் விரல்களப் போட்டோம். முகத்துல தொடங்கி, குரல் ஓடிக்கிட்டிருக்கவே படத்த மாத்தினா, பேச்சுல வெட்டின இடம் கண்ணுக்குத் தெரியாது.

பேட்டிய அஸருக்கு முந்தியே முடிச்சிரணும். எங்கட ஊர்ல ஒரு பள்ளி பாங்கு முடிய அடுத்த பள்ளி தொடங்கும். பேச்சுக்குப் பின்னால பாங்கு ஓடினா நடுவுல வெட்டவும் ஏலாது, வெட்டினா மரியாதையும் இல்ல. ஒவ்வொரு அறையிலயும் யாரும் பேசாம 30 செக்கன் சும்மா பதிவு செய்தோம். வெட்டின இடைவெளிய அந்த வெறுஞ் சத்தம்தான் நிரப்பும்.

பாட்டுக்குப் பதிலா பொல்லடி வந்தது. மேடையில ஆடின குழுவின் பொல்லுச் சத்தத்த, கமராவோட சேர்க்காம தனியா ஒரு ரெக்கோடர்ல நிறுத்தாம எடுத்தோம். அண்ணாவியார் மெதுவாத் தொடங்கி வேகம் கூட்டினார். அதுக்கேத்த மாதிரி முதல்ல மூணு செக்கனுக்கு ஒரு காட்சி, பிறகு ரெண்டு, கடைசியில ஒண்டு எண்டு வெட்டினோம். கயிறிழுத்தல், பிள்ளைகளின் ஓட்டம், சஹனச் சுத்தி இருக்கிற கைகள் எல்லாம் அந்தத் தட்டுலயே நடந்தது. படத்த மட்டும் ஆடுறவங்களோட ஒட்டிப் பார்க்கணும். பொல்லு மோதுற படமும் சத்தமும் கொஞ்சம் விலகினாலும் கண் பிடிச்சிரும்.

கஷ்டம் எடிட்டிங்லதான் வந்தது. நாடகம் பார்த்து வயிறு குலுங்கச் சிரிச்சுக் கைதட்டின ஆக்கள முகாமையாளர் பேச்சுக்குப் பின்னால போடச் சொன்னாங்க. நூறு வருஷத்துக்கு முந்தி ரஷ்யாவுல குலஷோவ் எண்டவர் ஒரே முகத்துக்குப் பக்கத்துல சூப், சவப்பெட்டி எண்டு வெவ்வேற படத்த வெச்சார். பார்த்தவங்க அந்த ஒரே முகத்துல பசியும் கவலையும் கண்டாங்க எண்டு சொல்றாங்க. அந்த வித்தைதான் இதுவும். ஆனா பேச்சுல அவர் சொன்னது, இந்த வருஷம் போனஸ் குறையும் எண்டது. அதுக்கு யாரும் சிரிக்கல்ல. மண்டபத்துல இருந்த அத்தன பேருக்கும் அது தெரியும். "சேர், இதப் போட்டா உங்களத்தான் சிரிப்பாங்க" எண்டோம். கொஞ்சம் யோசிச்சு விட்டுட்டார்.

அடுத்தது பெண்கள். பாவு சுத்துற பகுதியில நிறையப் பேர், "தம்பி, மொகத்த பேஸ்புக்ல போடாதீங்க" எண்டாங்க. கம்பனி, விருது எடுத்த ஒரு ராத்தாவின் முகம் கட்டாயம் வேணும் எண்டது. அவங்ககிட்டயே கேட்டோம். "கையப் போடுங்க, கொரலப் போடுங்க, மொகம் வேணாம்." கேடயத்தப் பிடிச்ச கை, பிறகு அதே கை பாவு நூல்ல, மேலால அவங்கட குரல். அந்த 35 செக்கன்ல பிறகு ஆக்கள் அதிகம் பேசினது இந்தக் காட்சியப் பத்தித்தான்.

அந்தத் தாள்ல இப்ப ஒரு வரி கூடியிருக்கு. செக்கன் கணக்குக்கு மேல, முதல் வரியா: யார்ட முகம் வரலாம், யார்ட முகம் வரக் கூடாது. அத விழாவுக்கு முந்தின நாளே, அவங்ககிட்டயே கேட்டு எழுதுறோம்.