ஆரஞ்சு நிறம்

திங்கள்

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எதிர் மேசைக்கு நகர்ந்தார்கள். எங்கள் கணக்குப் பிரிவில் பங்குபோட்டுச் சாப்பிடுவதுதான் வழக்கம். இன்று என் புளியோதரைக்கு ஒரு கையும் நீளவில்லை. கடைசியில் கேஷியர் அக்காதான் தணிந்த குரலில் கேட்டார்: “உனக்கு டிபியாமே? ஒண்ணுக்குக்கூட ஆரஞ்சு கலர்ல போகுதாமே?”

நான் மாத்திரை சாப்பிடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரிஃபாம்பிசின் சிறுநீரை அப்படி நிறம் மாற்றும் என்பது, முதல் நாள் பயந்துபோய் நான் என் அலுவலகத் தோழியிடம் மட்டும் சொன்னது.

செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எனக்கு வந்திருப்பது கழுத்து நெறிக்கட்டியில் காசநோய். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துப் பரிசோதித்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம், சளியிலும் கிருமி இல்லை. நெறிக்கட்டியில் மட்டும் இருக்கும் காசநோய் இருமலாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவாது. டாக்டர் இதைச் சொன்னபோது அவளும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அலுவலகம் முழுக்கப் பரவிய கதையில் இந்தப் பாதியைக் காணோம்.

வியாழன்

படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். மறுக்கவில்லை. “ஒருத்திகிட்ட மட்டும்தான்டி சொன்னேன், அதுவும் யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான். அவ வீட்ல கைக்குழந்தை இருக்கேன்னு பயமா இருந்துச்சு.”

பயந்து சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஆனால் போன வெள்ளிக்கிழமை வரை என் டப்பாவிலிருந்து அவளே அள்ளிச் சாப்பிட்டிருக்கிறாள். பயந்தவள் அப்படிச் செய்வாளா? புதுச் செய்தி கையில் இருந்தது, கேட்க ஆள் இருந்தது, சொல்லிவிட்டாள். என்னைக் கெடுக்க நினைத்தாள் என்று தோன்றவில்லை. அதனால் வலி ஒன்றும் குறையவும் இல்லை.

வெள்ளி

அவளைப் பற்றி எனக்கும் ஒன்று தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கிய கடன். இன்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அடி விழுவது அவள் பிள்ளைகள் தலையில். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

அதற்குப் பதில் சாப்பாட்டு நேரத்தில் என் நோயை நானே முழுதாகச் சொன்னேன். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து, நடுவில் நிறுத்தக் கூடாது என்பது வரை. கேஷியர் அக்கா என் ஊறுகாயை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் எடுக்கவில்லை.

ஞாயிறு

வீட்டுக்கு வந்து அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். சரி என்றேன், அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் போனாள். நாளைக்கும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போவோம். ஆனால் அடுத்த பரிசோதனைக்குத் துணைக்கு வரவா என்று கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டேன். அம்மா வருகிறாள்.