வியாழன் மாலையும் ஒரு கணக்கேடும்

சென்ற ரமழானின் தராவீஹ் தொழுகையில் ஓரிரவு, அல்அஃராஃப் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை ஓதிக்கொண்டிருந்தோம். நாமறியாமலே நாவு அஷ்ஷுஅரா அத்தியாயத்திற்குத் தாவிவிட்டது. பின்வரிசையிலிருந்து எடுத்துக்கொடுத்தவர், ஒரு காலத்தில் நம்மிடம் ஓதிய மாணவர். ஸலாம் கொடுத்தபின் அவர் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை. பிள்ளைகளின் மனனத்தைத் தினமும் கேட்கும் நம் மனனமே கரைந்துகொண்டிருந்தது.

மதரஸாவுக்கு வெள்ளி விடுமுறை. ஆகவே வியாழன் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட ஒன்றேகால் மணி நேரமே வாரத்தில் நமக்கு அமைதியான பொழுது. அல்கஹ்ஃப் ஓதி முடித்ததும், துணைவியாரும் நாமும் ஒரு கோடிட்ட நோட்டுடன் அமர்வோம். இடப்பக்கத்தில், கடந்த வாரம் செய்வதாக எழுதியதும் உண்மையில் செய்ததும். வலப்பக்கத்தில், வரும் வாரத்திற்கு மூன்று வரிகள். அதற்கு மேல் இல்லை. இருபது நிமிடம் போதும்.

அந்த நோட்டில் ஷவ்வால் முழுவதும் நாம் எழுதியது ஒரே வரி: ‘தினமும் ஒரு ஜுஸ்உ திருப்பி ஓதுதல்.’ வாரத்திற்கு ஏழு ஓத வேண்டியதற்கு, நடந்தது முறையே 3, 2, 2, 1. ஒவ்வொரு வியாழனும் வருந்தினோம். அதே வரியை மீண்டும் எழுதினோம். நான்காம் வாரம் துணைவியார் கேட்டார்: “ஓதாத நாள்களை விடுங்கள். ஓதிய நாள்களில் எங்கே உட்கார்ந்து ஓதினீர்கள்?” எண்ணிப் பார்த்தோம். எட்டு நாள்களும் ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசலை விட்டு எழாத நாள்கள். வீட்டுக்கு வந்தபின் ஓதலாம் என்று எழுந்த நாள்களில் ஒன்றுகூட இல்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் இந்தக் கணக்கை வணிகக் கூட்டாளியிடம் கேட்கும் கணக்கிற்கு ஒப்பிடுகிறார். அதன் முதற்படி முஹாஸபா அன்று, முஷாரதா. அதாவது முன்கூட்டியே நிபந்தனை பேசிக்கொள்ளுதல். பிறகு முராகபா எனும் கண்காணிப்பு. அதன்பின்னரே கணக்குக் கேட்டல். நாம் முதற்படியை விட்டுவிட்டு மூன்றாவதில் அழுதுகொண்டிருந்தோம். எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு என்று பேசாத கூட்டாளியிடம் வார இறுதியில் எதைக் கேட்பது?

அன்று வலப்பக்கத்தில் வரியை மாற்றி எழுதினோம்: ‘சனி முதல் புதன் வரை, ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசலின் இரண்டாம் தூணருகே, பார்க்காமல் 10 பக்கம்.’ 15 வரி முஸ்ஹஃபில் அது அரை ஜுஸ்உ. ஐந்து நாளில் இரண்டரை. பன்னிரண்டு வாரத்தில் முப்பதும் முடியும். வியாழன் காலை தடுமாறிய இடங்களைச் செப்பனிட மட்டும். மகன் முஸ்ஹஃபைப் பார்த்தபடி கேட்பான். நாம் தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான். அந்தப் புள்ளி இன்றியமையாதது. பார்த்து ஓதினால் பக்கங்கள் நகர்ந்துவிடும்; மறதி ஒளிந்துகொள்ளும்.

முதல் வாரம் 50 பக்கம் முடிந்தது, புள்ளிகள் 41. நான்காம் வாரம் அல்அஃராஃபை அடைந்தோம். மூஸா (அலை) வரலாற்றில் மட்டும் ஒன்பது புள்ளிகள். எல்லாம் ஒரே வகை: தாஹாவிலும் அஷ்ஷுஅராவிலும் சிறு சொல் மாற்றத்துடன் வரும் ஒத்த வசனங்கள். வேகமாகப் பலமுறை ஓதுவதால் அது தீராது. அந்த வியாழன் காலை மூன்று இடங்களையும் அருகருகே எழுதி, வேறுபடும் சொற்களின் கீழ் கோடிட்டோம். மறுவாரம் அதே பகுதியில் இரண்டே புள்ளிகள்.

இடையில் ஒரு வாரம் மகனுக்குப் பள்ளித் தேர்வு. தனியே ஓதினோம். ‘புள்ளி: கேட்பார் இல்லை’ என்றே எழுதினோம், தோராயமாக ஓர் எண்ணை இட மனம் உந்தியதைத் துணைவியார் தடுத்தார். அவர் சொன்னதும் சரியே. நோட்டில் ஒருமுறை பொய் ஏறினால், அடுத்த வியாழன் நாம் எதிர்கொள்வது நம்மையல்ல, நாம் புனைந்த ஒருவரை.

எனவே இப்போது எங்களுக்குள் ஒரு விதி. இருமுறை நிறைவேறாத வரியை மூன்றாம் முறை அதே வடிவில் எழுதக் கூடாது. அளவைக் குறைக்க வேண்டும், அல்லது நேரத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும், அல்லது இது இப்போது நம்மால் ஆகாது என்று ஒப்புக்கொண்டு அடித்துவிட வேண்டும். ‘உம்ரா வகுப்பு தொடங்குதல்’ என்ற நம் வரி அப்படித்தான் அடிக்கப்பட்டது. மனம் வலித்தது, ஆயினும் பக்கம் உண்மையாயிற்று.

கட்டிய ஒட்டகத்தைப் போல் குர்ஆனைப் பேணாவிட்டால் அது நழுவிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் உவமித்தார்கள். கயிற்றைத் தினமும் பார்க்க வேண்டும். முடிச்சு எங்கே தளர்ந்திருக்கிறது என்று வியாழன்தோறும் தடவிப் பார்க்கிறோம். இது ஒன்பதாம் வாரம். 22½ ஜுஸ்உ முடிந்தது. இவ்வாரப் புள்ளிகள் 17. வரும் ரமழானில் அதே மாணவர் பின்வரிசையில் நிற்பார், இன்ஷா அல்லாஹ்.